‘நூத்துக்கு நூறு உண்மை சார்’: வஞ்சப்புகழ்ச்சி மறுமொழிகளை வாசிக்கையில் நேரும் தவறுகள்

கோட் அணிந்த ஒருவர் தம் படத்தை இட்டு, ‘காலை நான்கு மணிக்கு எழுகிறவனை வறுமை தீண்டாது’ என்று ஒரு பதிவு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்கிறார்கள். அதன் கீழே எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் மறுமொழி இது: ‘நூத்துக்கு நூறு உண்மை சார். எங்க தெரு பால்காரர் முப்பது வருஷமா மூன்றரைக்கே எழுந்திருக்கிறார். போன மாசம்தான் சைக்கிளுக்குப் புது டயர் போட்டார்.’

இதை ஆதரவு என்று கணக்கில் எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் இதில் மறுப்பு எங்கும் இல்லை. ‘உண்மை’ இருக்கிறது, ‘சார்’ இருக்கிறது, கூற்றுக்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது. ஆனால் அந்த எடுத்துக்காட்டு கூற்றின் ஒரு பாதியை நிறைவேற்றி, மறு பாதியைக் கவிழ்த்துவிடுகிறது. பால்காரர் எழுந்தார், வறுமை போகவில்லை. ஆகவே, ஒப்புக்கொள்ளும் மறுமொழியைக் கண்டால் ‘ஆம்’ என்ற சொல்லில் நிற்காமல், அதற்கு அடுத்து வரும் சான்று பதிவரின் முடிவுக்குக் கொண்டுசேர்க்கிறதா, அதற்கு நேரெதிரான இடத்தில் இறக்கிவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ் வாசகருக்கு இது புதிய வித்தையும் அன்று. கயவரும் தேவரைப் போன்றவரே, இருவரும் தாம் விரும்பியதைச் செய்து திரிவதால் என்று 1073ஆம் குறள் சொல்லும்போது, யாரும் அதைக் கயவருக்குத் தந்த நற்சான்றாக வாசிப்பதில்லை. ஒப்புமைக்குச் சொல்லப்படும் காரணமே புகழைப் பழிப்பாக மாற்றிவிடுகிறது. பள்ளியில் நாம் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணி அதுதான்.

பேச்சில் ‘ஆமாஆம்’ என்று இழுக்கும் குரலே வேலையை முடித்துவிடும். எழுத்தில் அந்தக் குரல் இல்லாததால், வேறு சில அடையாளங்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. எல்லோரும் பேச்சு வழக்கில் எழுதும் இடத்தில் ஒருவர் மட்டும் திடீரென்று ‘தாங்கள் கூறியது சாலச் சிறந்தது ஐயா’ என்று பட்டாடை உடுத்தி வந்தால், அங்கே மரியாதை கூடவில்லை, அளவு தவறியிருக்கிறது. அதேபோல், பெரிய கூற்றுக்குச் சான்றாக மிகச் சிறிய, துல்லியமான பொருள் வந்து நிற்பதும் ஓர் அடையாளம். மேலே சொன்ன மறுமொழியின் உயிர் ‘புது டயர்’ என்ற இரு சொற்களில்தான் இருக்கிறது.

இந்த அடையாளங்களைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், கண்ணில் படும் பாராட்டையெல்லாம் கிண்டலாக வாசிப்பது எதிர்த்திசைத் தவறு. ‘மிக அருமை ஐயா, பகிர்கிறேன்’ என்று கைகூப்பும் படத்துடன் எழுதுகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதை மனமாரவே எழுதுகிறார். அவருடைய தமிழ் எப்போதும் அப்படித்தான் இருக்கும். அவர் வேறு பதிவுகளில் எழுதிய இரண்டு மூன்று மறுமொழிகளைப் பார்த்தால் இது விளங்கிவிடும். வழக்கமாகவே அப்படி எழுதுகிறவரிடம் அந்த நடை எதற்கும் சான்றாகாது. அப்படிப் பார்த்தும் விளங்காத மறுமொழிகள் உண்டு. அவற்றை எந்தப் பக்கத்துக் கணக்கிலும் சேர்க்காமல் விடுவதே சரி.

அடுத்து, பால்காரருக்குக் கீழே நடப்பதைப் பாருங்கள். ஒருவர், ‘பூ மார்க்கெட் அக்கா ரெண்டு மணிக்கே எழுந்துடுவாங்க, நாட்டுக்கே அவங்கதான் கடன் கொடுக்கிறாங்கன்னு கேள்வி’ என்கிறார். இன்னொருவர், ‘எங்க வீட்டுச் சேவலுக்குத் தனி பங்களா கட்டிட்டிருக்கோம்’ என்கிறார். இப்படி அறுபது வரிகள் சேர்ந்ததும், அறுபது பேர் பதிவரைத் தனித்தனியே எடைபோட்டு எதிர்த்துவிட்டதாக எண்ணுவது பெரும் பிழை. சேவல் எழுதியவர் பதிவுக்குப் பதில் சொல்லவில்லை. பூ மார்க்கெட் அக்காவுக்குப் பதில் சொல்கிறார். முந்தைய வரியை விட ஒரு படி மேலே ஏறுவதே ஆட்டம். எனவே அங்கே இருப்பது ஒரே ஒரு மறுப்பும், அதன்மேல் ஏறிய ஐம்பத்தொன்பது படிகளும்தான். அந்த வரிகளுக்கு விழும் லைக்குகளும் சிரிப்புக்கு விழுந்தவையே. அதிகாலையில் எழுவதை நம்புகிறவர்களும் சேவலுக்கு லைக் போட்டிருப்பார்கள்.

இந்த ஏணியைத் தலைகீழாக வாசிப்பதும் எளிதில் நேரும். தளங்கள் மறுமொழிகளைப் பெரும்பாலும் நேர வரிசையில் அடுக்குவதில்லை. அதிகம் கவனிக்கப்பட்டதை மேலே தூக்கிவைக்கின்றன. பால்காரர் கீழே போய்ச் சேவல் மட்டும் மேலே வந்துவிட்டால், புதிதாக வருகிறவருக்கு அது அர்த்தமற்ற உளறலாகவோ, காரணமற்ற வன்மமாகவோ தோன்றும். வரிசையை நேரப்படி மாற்றி, முதல் வரியைத் தேடிப் பிடித்த பிறகே மற்றவற்றுக்குப் பொருள் சொல்ல வேண்டும்.

2019 மே மாத இறுதியில் நடந்ததைவிட இதற்குத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. கட்டடப் பொறியியல் குறித்த ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியலின் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. தமிழர் ஒருவர், இதன் பெயர் சுத்தியல், அடித்தால் டங் டங் என்று ஒலிக்கும், ஜமீன் மாளிகையில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை இதுதான் பதம் பார்த்தது, பாவம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். நேசமணி 2001இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம். ஆனாலும் அந்த மறுமொழி அந்த அளவில் சிரிப்பில் முடிந்திருக்கும். இப்போது அவர் நலமா என்று முகம் மாறாமல் கேட்ட அடுத்த மறுமொழிதான் ஏணியைத் தூக்கி நிறுத்தியது. அதற்குப் பிறகு மருத்துவ அறிக்கைகளும் பிரார்த்தனைகளும் குவிந்து, #Pray_for_Neasamani என்ற குறிச்சொல், மே 30 அன்று பிரதமரின் பதவியேற்பு நடக்கவிருந்த நாள்களில், உலக அளவிலான பட்டியலில் முன்னே நின்றது. படம் பார்த்திராதவர்கள் யார் இந்த நேசமணி என்று கவலையோடு விசாரித்தார்கள். அந்தக் கவலை பொய்யன்று, குவிந்த பிரார்த்தனைகளில் ஒன்றும் மெய்யன்று. இரண்டையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். குறிச்சொல் பதவியேற்பு நாளை ஒட்டி எழுந்ததை வைத்து, எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அரசியல் நோக்கத்தைச் சூட்டுவதும் இதே வகைத் தவறுதான். பலர் வெறுமனே வரிசையில் வந்து நின்றவர்கள்.

இத்தகைய வரிசைக்குள் நுழைந்து, ‘அவர் கற்பனைப் பாத்திரம், யாரும் நம்ப வேண்டாம்’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள் எப்போதும் ஒரு சிலர் இருப்பார்கள். ஏணி அதையும் ஒரு படியாக்கிக்கொள்ளும். ‘ஐசியூ வாசலில் நின்று பேசுற பேச்சா இது’ என்று அடுத்த நிமிடமே பதில் வரும். விவரம் தெரியாமல் கேட்கிறவருக்குத் தனியே சொல்வதுதான் பயன் தரும்.

நேசமணி வரிசையில் அடிபட்டவர் என்று உண்மையில் எவரும் இல்லை. கோட் அணிந்தவரின் பதிவில் ஒருவர் இருக்கிறார். அதனால் அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வரிகள் இன்னும் நான்கு மணியைப் பற்றிப் பேசுகின்றனவா, அல்லது அவருடைய கோட்டுக்கும் எழுத்துப் பிழைக்கும் முகத்துக்கும் நகர்ந்துவிட்டனவா? நகர்ந்த பிறகும் லைக்குகள் அதே வேகத்தில் விழும் என்பதால், எண்ணிக்கையைப் பார்த்து அந்த எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. வரிகளைப் படித்தால் மட்டுமே தெரியும். பதிவர் தாமே வந்து, ‘சேவலுக்கு என் வணக்கம், கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுங்க’ என்று ஒரு வரி எழுதினால் ஆட்டம் பெரும்பாலும் அங்கேயே தணிந்துவிடும். பதிவை அவர் அழித்துவிட்டாலோ, ஸ்கிரீன்ஷாட் வேறொரு பக்கத்தில் ஏறி, பால்காரர் இல்லாமலே சேவலிலிருந்து தொடங்கும்.