தாவர இறைச்சியையும் அசல் இறைச்சியையும் ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

சோயா, பட்டாணி, கோதுமைப் புரதங்களை வைத்து இறைச்சி போலவே செய்யும் தாவர இறைச்சி நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதத்தில் இரண்டு பக்கமும் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறது. அதில் இருக்கும் எண்கள் பொய் இல்லை. ஆனால் அவற்றை எதோடு வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் பிசகு வருகிறது.

20 கிராம் என்றால் எல்லாம் ஒரே 20 கிராம் என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு, அதனால் இதிலேயே கொஞ்சம் நிற்போம். பாக்கெட்டில் உள்ள புரத அளவு பொதுவாக அந்த உணவில் இருக்கும் நைட்ரஜனை அளந்து கணக்கிடப்படுவது. புரதம் என்பதே அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு செரிக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. உடலால் தானாகத் தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் ஒன்று குறைந்தாலும், புதிய திசு கட்டும் வேலை அந்த ஒன்றின் அளவோடு நின்றுவிடும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கைப்படி, பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு அந்த ஒன்பதில் ஒன்றான லைசின் 30 மில்லிகிராம் தினமும் தேவை. 60 கிலோ எடை என்றால் 1,800 மில்லிகிராம். மாட்டிறைச்சியிலிருந்து 20 கிராம் புரதம் வந்தால் அதில் ஏறக்குறைய 1,700 மில்லிகிராம் லைசின் கிடைக்கும். பட்டாணிப் புரதம் என்றால் சுமார் 1,400, சோயா என்றால் சுமார் 1,250. கோதுமைக் குளூட்டனிலோ அதே 20 கிராமுக்கு 350-ஐத் தாண்டுவதே கஷ்டம். பாக்கெட்டில் மட்டும் நான்கும் '20 கிராம்' என்றே இருக்கும்.

ஆக, 'தாவரப் புரதம் தரம் குறைந்தது' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது தவறு. சோயாவும் பட்டாணியும் இறைச்சிக்கு ஓரளவு பக்கத்திலேயே வந்துவிடுகின்றன. பின்தங்குவது குளூட்டனை மட்டும் நம்பிச் செய்த பொருட்கள்தான். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். சேர்மானப் பட்டியல் பொதுவாக எடை வரிசையில் இருக்கும், அதில் எந்தப் புரதம் முதலில் வருகிறது என்று பாருங்கள். 'கோதுமைப் புரதம்' என்று எழுதியிருந்தாலும் அது குளூட்டன்தான்.

இன்னொன்று, நாம் யாரும் புரதத்தைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. பட்டாணிப் புரதத்தில் குறைவாக இருப்பவை கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களான மெத்தியோனினும் சிஸ்டீனும். கோதுமையில் அவை போதுமான அளவு உண்டு, லைசின்தான் குறைவு. அதனால் பட்டாணிப் பேட்டியை, அதாவது பர்கருக்குள் வைக்கும் வடை போன்ற தட்டைத் துண்டை, கோதுமை பன்னில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது கொஞ்சம் அடைக்கிறது. குளூட்டன் பேட்டியை அதே பன்னில் வைத்தால் ஓட்டை அதே இடத்தில் இரண்டு முறை விழுகிறது! அந்த நாளில் வேறு வேளையில் பருப்போ பயறோ சேர்த்துக்கொண்டால் போதும், ஒரே தட்டில்தான் எல்லாம் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லா வேளையும் நன்றாகச் சாப்பிடும் பெரியவருக்கு இது பெரிய கவலையே அல்ல. குறைவாகச் சாப்பிடும் முதியவருக்கும் சின்னக் குழந்தைக்கும்தான் இந்த வித்தியாசம் உறைக்கும்.

அமெரிக்கப் பாக்கெட்டாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. அங்கே கிராம் அளவு திருத்தப்படாதது, ஆனால் பக்கத்தில் புரதத்துக்குச் சதவீதம் போட்டிருந்தால் அது தரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 கிராம் என்பது அடிப்படை. 20 கிராமுக்கு 40 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 30 என்று போட்டிருந்தால், அந்தப் புரதத்தின் தர மதிப்பு முக்கால்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

உப்புப் போட்டதையும் உப்புப் போடாததையும் ஒப்பிடுவது

113 கிராம் தாவரப் பேட்டி ஒன்றில் 350 முதல் 400 மில்லிகிராம் சோடியம் இருப்பது சகஜம். அதே எடை பச்சை மாட்டிறைச்சியில் சுமார் 75. 'ஐந்து மடங்கு!' என்று பரவும் ஒப்பீடு இதுதான். ஆனால் பச்சை இறைச்சியை உப்பில்லாமல் யார் சாப்பிடுகிறார்கள்? எடையில் 1 சதவீதம் உப்புச் சேர்ப்பது வழக்கமான அளவு. 113 கிராமுக்கு 1.1 கிராம் உப்பு, அதில் சுமார் 440 மில்லிகிராம் சோடியம். 75-ஐயும் கூட்டினால் 515. மடங்குக் கணக்கு அங்கேயே தலைகீழாகிவிடுகிறது.

அதற்காகத் தாவரப் பேட்டி ஜெயித்துவிட்டது என்று அர்த்தமில்லை. இறைச்சிக்கு எவ்வளவு உப்பு என்பது உங்கள் கையில் இருக்கிறது, பேட்டிக்குள் ஏற்கெனவே போனதை வெளியே எடுக்க முடியாது. அதில் கொஞ்சம் சுவைக்காகப் போட்டதே அல்ல. புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது அமிலம் சேர்த்துத் திரிய வைத்து, பிறகு பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்குவார்கள். அந்தச் சோடியம் புரதத்தோடு தங்கிவிடும். உப்பே போடாத சோயாப் புரதத் தூளில்கூட 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

நடைமுறையில் நடக்கும் தவறு, பாக்கெட் பேட்டியைச் சாதா இறைச்சி மாதிரி நினைத்து மேலே மறுபடி உப்பும் சாஸும் சேர்ப்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம் சோடியம்தான். அப்புறம், ஐரோப்பியப் பாக்கெட்டில் இருப்பது உப்பின் அளவு, சோடியம் அல்ல. 2.5-ஆல் வகுத்தால்தான் சோடியம் கிடைக்கும். தாவர சாசேஜை இறைச்சி சாசேஜோடு ஒப்பிடுங்கள், வெறும் கோழியோடு அல்ல.

'அதீதப் பதப்படுத்தல்' என்ற முத்திரையோடு நிறுத்திக்கொள்வது

பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோ குழு உருவாக்கிய நோவா வகைப்பாடு, உணவுகளைப் பதப்படுத்தலை வைத்து நான்காகப் பிரிக்கிறது. பிரித்தெடுத்த புரதம், பிடிமானத்துக்குச் சேர்க்கும் மெத்தில் செல்லுலோஸ், சுவையூட்டிகள் சேர்ந்த தாவரப் பேட்டி, அதீதப் பதப்படுத்தல் எனப்படும் நான்காம் பிரிவில் விழும். தொழிற்சாலை இறைச்சி சாசேஜும் அதே பிரிவில்தான். வெறும் இறைச்சித் துண்டு முதல் பிரிவு. நோவா பார்ப்பது எப்படிச் செய்தார்கள் என்பதை, உள்ளே என்ன சத்து இருக்கிறது என்பதை அல்ல.

பதப்படுத்தல் எப்போதும் சத்தைக் கெடுக்கிறது என்பதும் சரியில்லை. சோயாவில் இயல்பாகவே புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, வெப்பம் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அதே சமயம், பிரித்தெடுக்கும்போது முழுப் பயறின் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. அது உண்மையான இழப்பு. சோயாப் பாலைத் திரிய வைத்துச் செய்யும் டோஃபுவும், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் டெம்பேவும் இவ்வளவு தூரம் போவதில்லை.

இறைச்சிக்குப் பதிலாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். எட்டு வாரம் தாவர இறைச்சி, எட்டு வாரம் அசல் இறைச்சி. தாவரக் கட்டத்தில் ரத்தத்தில் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் குறைந்தது, சோடியம் உட்கொள்ளலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பியாண்ட் மீட் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எட்டு வாரத்தை வைத்துப் பத்து வருடத்துக்கு ஆருடம் சொல்லவும் முடியாது. எல்டிஎல் குறைந்ததற்குப் பெரும்பாலும் காரணம் நிறைவுற்ற கொழுப்பு குறைந்ததுதான். ஆகவே தேங்காய் எண்ணெய் நிறையச் சேர்த்த பேட்டியிடம் அதே பலனை எதிர்பார்க்காதீர்கள். பாக்கெட்டில் சோடியம் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே நிறைவுற்ற கொழுப்பின் அளவும் இருக்கும்.