வெளியே திறக்கும் பழைய மர ஜன்னலுக்குக் கொசுவலை: குன்னூரில் நான் செய்த முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீடுகளில் ஜன்னல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். நடுவில் இரும்புக் கம்பி இருக்கும். கம்பிக்கு இடையில் கையை விட்டுத்தான் கொக்கியைப் போடவும் எடுக்கவும் வேண்டும். வலையை வெளியே அடித்தால் கதவு மூடாது, உள்ளே அடித்தால் கை கொக்கிக்கு எட்டாது. கடையில் கிடைக்கும் ஆயத்த வலைகளில் பலவும் தள்ளுக் கதவு ஜன்னலை மனதில் வைத்துச் செய்தவை. அதனால் நம் ஊர் ஜன்னலுக்கு என்ன வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதை மட்டும் எழுதுகிறேன். அறையைப் பார்த்தால் வலை இருப்பதே முதலில் கண்ணில் படக்கூடாது என்பதும் என் நிபந்தனை.

1. வலையை எண்ணி வாங்குங்கள்

கடையில் "நல்ல வலை, கொசு வராது" என்று சொல்வார்கள். அது போதாது. ஒரு துண்டு வலையை ஸ்கேல் மேல் வைத்து, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணுங்கள். கண் தடுமாறினால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம். ஒரு பக்கம் 18, மறுபக்கம் 16 இருந்தால் கொசுவுக்கும் ஈக்கும் அந்துப்பூச்சிக்கும் போதும். அந்தக் கணக்கில் கண்ணியின் இடைவெளி 1.1 முதல் 1.3 மி.மீ. வரை இருக்கும். ஓடை, சதுப்பு ஓரத்து வீடுகளில் மாலையில் கடிக்கும் மிகச் சிறிய பூச்சிகள் தொல்லை கொடுத்தால் 20-க்கு 20 வாங்கலாம். அதுவும் எல்லாவற்றையும் நிறுத்திவிடாது, ஓரளவு குறைக்கும். இன்னும் நெருக்கமாகப் போனால் காற்று குறையும். அதோடு, மூடுபனி நாட்களில் நீர்த்துளி கண்ணிகளில் தங்கி வெளியே எதுவும் தெரியாது.

அடுத்து, விரல் நகத்தால் வலையை அழுத்தி ஒரு பக்கமாக நகர்த்திப் பாருங்கள். இழைகள் விலகி ஓட்டை பெரிதானால் அது வேண்டாம். பூச்சுப் பூசி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் ஃபைபர் கிளாஸ் வலை விலகாது. என் தேர்வு அதுதான்.

நிறத்தில் தயங்காமல் கறுப்பு அல்லது அடர் சாம்பல் எடுங்கள். வெள்ளை வலை பகல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ஜன்னலில் எப்போதும் ஒரு வெள்ளைத் திரை நிற்கும். கறுப்பு வலை வழியாகப் பார்வை நேரே தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடும். கறுப்பு அறையை இருட்டாக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். இரண்டையும் ஒரே ஜன்னலில் பக்கத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

2. அளவு எடுப்பது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பழைய ஜன்னல் நிலை எதுவும் சரியான சதுரமாக இருக்காது. எங்கள் படுக்கையறை ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். நிலையின் உள் அகலம் மேலே 892, நடுவில் 889, கீழே 886 மி.மீ. உயரம் ஏறக்குறைய 1190. மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவுக்கும் 9 மி.மீ. வித்தியாசம். அதாவது நிலை மேலிருந்து கீழே வருவதற்குள் ஏழெட்டு மி.மீ. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

அலுமினிய வேலைக்கு வந்தவர், "அக்கா, நிலைக்கு உள்ளேயே ஃபிரேமைச் செருகிடலாம், அதுதான் பார்க்க நல்லா இருக்கும்" என்றார். புது வீட்டில் அது சரி. இங்கே 886-க்குள் நேரான ஃபிரேமைச் செருகினால், சாய்வின் காரணமாக ஒரு மூலையில் இடிக்கும், எதிர் மூலையில் விரல் நுழையும் இடுக்கு விழும். அதை சிலிக்கான் பசையால் நிரப்புவார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கும். மேலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மர நிலை ஊறி உப்பும், மாசியில் சுருங்கும். உள்ளே செருகிய ஃபிரேம் ஒரு பருவத்தில் இறுகும், மறு பருவத்தில் ஆடும்.

ஆகவே நிலைக்கு உள்ளே செருகாமல், நிலையின் அறைப்பக்க முகத்தின் மேல் படியும்படி ஃபிரேமைச் செய்யச் சொல்லுங்கள். கணக்கு எளிது. அகலங்களில் பெரியதை எடுத்து, இரு பக்கமும் 15 மி.மீ. கூட்டவும். எங்களுக்கு 892 + 30 = 922. உயரத்துக்கும் அதே மாதிரி, 1190 + 30 = 1220. நிலை ஏழெட்டு மி.மீ. சாய்ந்திருந்தாலும் ஃபிரேமை நடுவாக வைத்தால் எந்தப் பக்கமும் 10 மி.மீ.க்குக் குறையாமல் மரத்தின் மேல் படியும். இதற்கு நிலையின் முகத்தில் குறைந்தது 20 மி.மீ. தட்டையான இடம் வேண்டும். சுவர்ப் பூச்சு நிலையின் மேல் ஏறியிருந்தால் முதலில் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

3. கொக்கிக்குக் கை போகும் வழி

வலைக்குள் சின்னக் கதவு வைப்பது, கீழே ஜிப் தைப்பது என்று பல யோசனைகள் உண்டு. எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. தினமும் காலையும் மாலையும் திறக்கும் ஜன்னல் இது. கீலில் தொங்கி அறைக்குள் திறக்கும் வலைக் கதவுதான் நிலைக்கும்.

ஒற்றைக் கதவாகச் செய்தால் 90 செ.மீ. அகலக் கதவு அறைக்குள் ஆடும், திரைச்சீலையைத் தள்ளும். இரட்டைக் கதவாகச் செய்யுங்கள். பழைய கல் சுவர் தடிமனானது. எங்கள் வீட்டில் ஜன்னல் நிலையிலிருந்து அறைப்பக்கம் 40 செ.மீ. ஆழம் இருக்கிறது. ஒவ்வொன்றும் 46 செ.மீ. உள்ள இரண்டு வலைக் கதவுகளும் திறந்தால் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன, திரைச்சீலைக்கும் தொல்லை இல்லை. அதோடு, இரண்டு கதவும் சேரும் நடுச் சட்டம், வெளிக் கதவுகள் சேரும் கோட்டுக்கு நேராகவே விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோடு. அழகுக்கு இந்த ஒரு விஷயம் செய்வதை வேறு எதுவும் செய்வதில்லை.

நடுவில் ஒரு கதவில் பட்டை வைத்து மற்றதன் மேல் படிய விடுங்கள். கதவின் ஓரங்களில் பிரஷ் பட்டை கேளுங்கள். ஃபிரேமுக்கும் மர நிலைக்கும் நடுவே ஒட்டும் ரப்பர் நுரைப் பட்டை வைத்தால் மரத்தின் மேடு பள்ளம் அடைபடும். அலுமினியம் ஜன்னல் வண்ணத்திலேயே இருக்கட்டும். எங்களுடையது வெள்ளை ஜன்னல், ஆகவே வெள்ளை ஃபிரேம், கறுப்பு வலை.

மரத்திலேயே வலைக் கதவு செய்யலாமே என்றால், பார்க்க அழகுதான், ஆனால் இந்த ஈரத்தில் உப்பிப் பிடித்துக்கொள்ளும். நான் அலுமினியம்தான் சொல்வேன்.

4. வலையை மாட்டுவது

ஃபிரேமைத் தட்டையான தரையில் வைத்து, வலையை மேலே விரித்து, ரப்பர் பீடிங்கை உருளைக் கருவியால் காடிக்குள் அழுத்துவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வலை சுருக்கமில்லாமல் கிடந்தால் போதும், இழுக்கக்கூடாது. பீடிங் உள்ளே போகும்போதே வலை தானாக இறுகும். முன்கூட்டியே இழுத்துப் பிடித்தால் மெல்லிய அலுமினியச் சட்டம் நடுவில் உள்பக்கமாக வளையும், பிறகு இரண்டு கதவும் நடுவில் சேராது. முடிந்ததும் சட்டத்தின் ஓரத்தில் நேரான ஸ்கேலை வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். அங்கேயே கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

5. இரண்டு ஏடிஎம் அட்டை

ஒரு அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. பொருத்தியபின் ஒரு அட்டையை எல்லா இடுக்கிலும் விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் இறுக்கமாக நுழைந்தால் பரவாயில்லை. இரண்டு அட்டையைச் சேர்த்து வைத்தும் நுழைந்தால் அது 1.5 மி.மீ.க்கு மேல், கொசு புகும் இடம். கீல் இருக்கும் மூலைகளையும் நடுப் பட்டையின் கீழ் நுனியையும் மறக்காமல் பாருங்கள். அந்த இடங்களில் பிரஷ் பட்டையை இன்னொரு துண்டு ஒட்டினால் சரியாகும்.

பின்சேர்ப்பு: வாடகை வீடு

ஆணி அடிக்க விடமாட்டார்கள், வெல்க்ரோ வலை போதுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். போதும், ஆனால் இந்த மலையில் அது உதிர்வதற்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது, சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர் பூசிய சுவரில் ஒட்டுவது. பசை சுவரில் பிடிக்காது, மேலே உள்ள பொடியில்தான் பிடிக்கும், பொடியோடு சேர்ந்து வந்துவிடும். எனாமல் பெயின்ட் அடித்த மர நிலையில் மட்டும் ஒட்டுங்கள். புதுப் பெயின்ட் என்றால் சில வாரம் விட்டு ஒட்டுங்கள்.

இரண்டாவது குளிர். இந்தப் பசை 10 டிகிரிக்குக் கீழே விறைத்துப்போகும், மரத்தோடு படியாது. மார்கழிக் காலையில் ஒட்டினால் அன்று நிற்பது போலத் தெரியும், பனி இறங்கியதும் மூலை உரியும். வெயில் அடிக்கும் மதியம் பாருங்கள். ஸ்பிரிட்டால் நிலையைத் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் பட்டையை ஒட்டி, ஒரு கரண்டியின் முதுகால் நெடுக அழுத்தித் தேய்க்கவும். அப்புறம் ஒரு நாள் முழுக்க வலையை மாட்டாமல் பட்டையை மட்டும் விட்டுவிடுங்கள். மாட்டியபின் கொக்கி இருக்கும் மூலையை மட்டும் பிரித்துக் கையை விடலாம். அந்த மூலைதான் முதலில் தேயும். ஆகவே கூடுதலாக ஒரு முழம் பட்டை வாங்கி வையுங்கள்.

பின்சேர்ப்பு: குரங்கு

கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியது: கம்பிக்கு நடுவே குரங்கு கையை விட்டு வலையைக் கிழித்துவிட்டதாம். ஃபைபர் வலை குரங்கு நகத்துக்கு நிற்காது. சமையலறை, சாமான் அறை ஜன்னல்களுக்கு மட்டும் 304 தர எவர்சில்வர் வலை போடுங்கள். அது மடிந்தால் மடிப்பு போகாது, அதனால் வெட்டி மாட்டுவதற்குப் பழகிய ஆளாக இருக்க வேண்டும். படுக்கையறைக்கு ஃபைபரே போதும், அங்கே குரங்கை இழுக்கும் சாப்பாட்டு வாசனை இல்லை.

பின்சேர்ப்பு: கட்டில் வலை

ஜன்னல் வலை போட முடியாத மாடி அறைக்குக் கட்டில் வலை கேட்டார்கள். ஒரே கொக்கியில் தொங்கும் கூம்பு வலை படத்தில் அழகாக இருக்கும். படுத்தால் தோளும் காலும் வலையைத் தொடும், தொட்ட இடத்தில் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். நாலு மூலையில் கட்டும் செவ்வக வலையாக வாங்குங்கள், ஓரம் மெத்தைக்குக் கீழே ஒரு சாண் செருகும் நீளம் இருக்கட்டும். மரக் கூரை வீடுகளில் உத்தரத்தில் நாலு சின்னக் கொக்கி போட்டுவிட்டால், பகலில் வலையைச் சுருட்டித் தலைமாட்டுப் பக்கம் இரண்டு கொக்கியில் கட்டி வைக்கலாம்.