டி-பில்லின் 5.00-ஐ வட்டி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்

அமெரிக்க அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் 26 வார ட்ரெஷரி பில், அதாவது டி-பில், ஏலத்தில் 5.00 சதவீதத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 182 நாளுக்கு ஒரு வங்கி சாதாரண வட்டியாக 5.10 தருகிறது. சட்டென்று வங்கிதான் லாபம் என்று தோன்றும். உண்மையில் இங்கே பில்தான் அதிகம் தருகிறது, அதுவும் தெளிவான வித்தியாசத்தில். இந்த ஒரு இடத்தில் சறுக்கி, நல்லதை விட்டுவிட்டுக் குறைந்ததை வாங்கியவர்கள் நிறைய பேர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டி-பில்லுக்குத் தனியாக வட்டி கிடையாது. முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம், முதிர்வு நாளில் முகமதிப்பு முழுசாகக் கைக்கு வருகிறது, நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் வருமானம். அந்த 5.00 என்பது தள்ளுபடி விகிதம். அது கணக்கிடப்படுவது முகமதிப்பின் மேல், அதுவும் வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து. 10,000 டாலர் பில் என்றால் தள்ளுபடி 10,000 × 0.05 × 182 / 360, அதாவது 252.78 டாலர். ஆக நீங்கள் கட்டுவது 9,747.22.

இப்போது உங்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். கையை விட்டுப் போனது 10,000 இல்லை, 9,747.22. வருடத்துக்கு 360 நாளும் இல்லை, 365. அந்த இரண்டையும் திருத்திப் போட்டால் 252.78 / 9,747.22 × 365 / 182, வருவது 5.20 சதவீதம். இதுதான் முதலீட்டு விகிதம். அமெரிக்கக் கருவூலம் ஏல முடிவை வெளியிடும்போது இரண்டையுமே போடுகிறது: `High Rate` என்பது தள்ளுபடி விகிதம், `Investment Rate` என்பது உங்களுக்குக் கிடைப்பது. அந்த வங்கியில் இதே 9,747.22-ஐப் போட்டிருந்தால் 5.10 வீதம் 247.87 டாலர்தான் வந்திருக்கும், பில்லைவிட ஏறக்குறைய ஐந்து டாலர் குறைவு. போதாததற்கு, பில் வருமானத்துக்கு அமெரிக்காவில் மாநில வருமான வரி கிடையாது, வங்கி வட்டிக்கு உண்டு.

பலர் இந்த இடத்தில் பாதி திருத்தத்தோடு நின்றுவிடுகிறார்கள். "360-ஐ 365 ஆக்கினால் போதும்" என்று 5.00-ஐ 365/360 ஆல் பெருக்கி 5.07 என்று எழுதிக்கொள்கிறார்கள். நாள் கணக்கால் வரும் வித்தியாசம் அந்த 0.07 மட்டும்தான், மீதி 0.13 வகுக்கும் எண் முகமதிப்பா, கட்டிய விலையா என்பதால் வருவது. விகிதம் ஏற ஏற, நாள் நீள நீள, இந்த இரண்டாவது பங்கு பெரிதாகிக்கொண்டே போகும். 4 வார பில்லில் கண்ணுக்கே தெரியாதது 26 வாரத்தில் முழுசாகத் தெரிகிறது என்றால் காரணம் இதுதான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 5.00-ஐ வட்டியாக நினைத்து 10,000 / (1 + 0.05 × 182/360) என்று வகுத்து விலை கண்டுபிடிப்பது. வருவது 9,753.45. சரியான விலையைவிட 6.23 டாலர் கூடுதல். ஏல முடிவில் `Price` 100 டாலருக்கு என்று போட்டிருக்கும்; உங்கள் கணக்கு அதோடு சில சென்ட் தள்ளி நின்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். தள்ளுபடியில் கழிக்க வேண்டும், வகுக்கக் கூடாது.

எக்செலில் செய்பவர்களுக்கு ஒன்று. `TBILLYIELD` என்ற பெயரைப் பார்த்தால் இதுதான் வேண்டிய விடை என்று தோன்றும், ஆனால் அது கட்டிய விலையால் வகுத்தாலும் வருடத்தை 360 நாளாகவே வைத்திருக்கிறது. நம் பில்லுக்கு அது 5.13 என்று சொல்லும். 365 நாள் கணக்கில் வேண்டுமென்றால் `TBILLEQ`. நீண்ட கால வரிசை எடுத்து ஆய்வு செய்பவர்களும் இதே குழியில் விழுகிறார்கள்: ஃப்ரெட் பொருளாதாரத் தரவுத் தளத்தில் மூன்று மாத விகிதங்களில் `DTB3` தள்ளுபடி அடிப்படையில் இருக்கிறது, `DGS3MO` முதலீட்டு அடிப்படையில். பங்குகளின் வருமானத்திலிருந்து அபாயமில்லாத வட்டியைக் கழிக்கிறேன் என்று `DTB3`-ஐ அப்படியே கழித்தால், கழித்தது குறைவு, மிச்சம் வருவது அதிகம்.

நாள் எண்ணுவதிலும் கவனம் வேண்டும். 26 வார பில் வழக்கமாகத் திங்களன்று ஏலம் போகும், வியாழனன்று வெளியாகும். எண்ணத் தொடங்குவது வெளியாகும் நாளிலிருந்து; ஏல நாளிலிருந்து எண்ணக் கூடாது. வெளியாகும் நாள், முதிர்வு நாள் இரண்டில் ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். வியாழன் விடுமுறையாகிவிட்டால் தேதி தள்ளிப்போய் 182 என்பது 181 அல்லது 183 ஆகலாம், அதனால் தேதியைப் பார்த்தே எண்ணுங்கள். அப்புறம் லீப் வருடம். பில் வெளியான நாளிலிருந்து வரும் ஒரு வருடத்துக்குள் பிப்ரவரி 29 இருந்தால் 365-க்குப் பதில் 366. பில் அதற்கு முன்பே முதிர்ந்துவிட்டாலும் இந்த விதி மாறாது: 2023 மார்ச் 2-ல் வெளியாகி ஆகஸ்ட் 31-ல் முதிரும் பில்லுக்கும் 366 தான், ஏனென்றால் அடுத்த மார்ச் 2-க்குள் 2024 பிப்ரவரி 29 வந்துவிடுகிறது. நம் கணக்கில் அது 5.20-ஐ 5.22 ஆக்கும்.

52 வார பில்லுக்கு மேலே சொன்ன எளிய சூத்திரம் பொருந்தாது. 364 நாள், தள்ளுபடி 5.00 என்றால் விலை 9,494.44, எளிய முறையில் 5.34 வரும். ஆனால் கருவூலத்தின் முறையில் வருவது 5.27. அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி தருபவை, அவற்றோடு ஒப்பிட வசதியாக இருக்க வேண்டும் என்று அரை வருடத்துக்கு மேற்பட்ட பில்லுக்கு நடுவில் ஒரு முறை வட்டி வந்து மறுபடி முதலீடு ஆனது போல வைத்துக் கணக்கிடுகிறார்கள். எனவே 5.34 தவறான எண் இல்லை, ஒரு வருட வைப்புநிதியின் ஆண்டு வருமானத்தோடு வைத்துப் பார்க்க அதுதான் சரி. ஆனால் கருவூலப் பத்திரத்தின் வட்டியோடு வைக்க 5.27-ஐத்தான் எடுக்க வேண்டும்.

இந்திய டி-பில் வாங்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரிசர்வ் வங்கி முறையில் சொல்லப்படும் ஈட்டம் கட்டிய விலையின் மேல், 365 நாள் கணக்கில் இருப்பது. 100 ரூபாய் 91 நாள் பில்லின் விலை 98.40 என்றால் 1.60 / 98.40 × 365 / 91, அதாவது 6.52. அதே பில்லை அமெரிக்க வழக்கப்படி எழுதினால் 6.33 தான். இரண்டு நாட்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது இதை மறந்தால் 0.19 சதவீதம் வெறும் எழுதும் வழக்கத்தாலேயே வந்துவிடும். அமெரிக்க எண்ணை முதலில் முதலீட்டு விகிதமாக மாற்றிக்கொள்ளுங்கள், டாலர்–ரூபாய் விவகாரத்தை அதற்கப்புறம் பேசலாம்.