தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு முன் ராமைப் பாருங்கள்

தர்மபுரியில் பொறியியல் படிக்கும் மாணவரின் மேசைக் கணினியில் ஆட்டோகேட் வரைபடம் திணறினால், வீட்டார் உடனே தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நினைக்கிறார்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை. அது ராமையே பகிர்ந்துகொள்கிறது. ஒரே ஒரு 8 ஜிபி ராம் மட்டும் இருக்கும்போது நினைவகம் பற்றாமல் போவதோடு, தரவு செல்லும் பாதையும் பாதியாகக் குறுகிவிடுகிறது. விண்டோஸில் Ctrl+Shift+Esc அழுத்தி, Performance பகுதியில் Memory-ஐத் திறந்து, Slots used என்ற இடத்தில் 1 of 2 என்றிருந்தால், அதே வகையும் வேகமும் கொண்ட இன்னொரு 8 ஜிபி ராமைச் செருகுவதே முதல் வேலை. இருபரிமாண வரைபடம், நிரல் எழுதுதல், இணைய வகுப்பு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சிகளை அடிக்கடி ரெண்டர் செய்பவருக்கும் புதிய பெரிய கேம்களை ஆடுபவருக்கும் தனி கார்டு தேவை. அதையும் பவர் சப்ளை தாங்குமா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.