மாலை ஏழு மணிக்கு மட்டும் அறுந்துபோகும் வைஃபை: கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் முறை

குரோம்பேட்டையில் நான்கு மாடி அடுக்ககம், எங்களுடையது இரண்டாவது தளம். காலையில் வைஃபை நன்றாக இருக்கும், மதியமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மா சீரியல் பார்க்க உட்காரும் ஏழு மணிக்குத்தான் தொல்லை தொடங்கும். வீடியோ நிற்கும், அலுவலகக் கூட்டத்தில் என் குரல் பாதியில் தொலையும், இரண்டு மூன்று நிமிடத்தில் எல்லாம் தானாகத் திரும்பி வரும். வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். மூன்று வாரம் அணைத்துப் போட்டேன். பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிடைத்தது ஒரு கோளாறு அல்ல, இரண்டு.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். முகவரி பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. கடவுச்சொல்லோடு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்.

முதல் படி: ரவுட்டர் விழுந்து எழுந்ததா?

எதையும் மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். இணைப்பு அறுந்து திரும்பி வந்ததும் `Status` பக்கத்தைத் திறந்தால் `System Uptime` அல்லது `Device Uptime` என்று ஒரு வரி இருக்கும். ரவுட்டர் கடைசியாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். ஒரு திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நான் பார்த்தபோது அதில் 1 மணி 31 நிமிடம் என்று இருந்தது. அதாவது 7.29-க்கு ரவுட்டர் தானாகவே அணைந்து எழுந்திருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை, மின்வெட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முறை சறுக்கினேன். என் வீட்டில் அல்ல, மைத்துனர் வீட்டில். அதே பக்கத்தில் `WAN` அல்லது `PPPoE` என்ற தலைப்பின் கீழ் இன்னொரு ஓட்ட நேரம் இருக்கும். அது சேவை நிறுவனத்தோடு உள்ள இணைப்பின் வயது, ரவுட்டரின் வயது அல்ல. அதில் 40 நிமிடம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ரவுட்டர்தான் அணைகிறது என்று முடிவுகட்டிப் புது அடாப்டர் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் அறுந்தது. நிதானமாகப் பார்த்தபோது ரவுட்டர் பதினோரு நாளாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அறுந்தது வெளியிலிருந்து வரும் ஃபைபர் இணைப்பு. `LOS` என்ற விளக்கு அந்த நேரத்தில் சிவப்பாக மின்னியதை அக்கா முன்பே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. பழுதுபார்ப்பவர் வந்து, அலமாரிக்குப் பின்னால் நசுங்கி மடங்கிக் கிடந்த கம்பியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆகவே இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் ஓட்ட நேரமே பூச்சியத்திலிருந்து தொடங்கியிருந்தால் வெப்பம் அல்லது மின்சாரம். அது தொடர்ந்து ஓடி, `WAN` நேரம் மட்டும் புதிதாகத் தொடங்கியிருந்தால் வெளி இணைப்பில் கோளாறு. அதற்கு நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை, புகார் கொடுக்க வேண்டியதுதான். இரண்டும் அறுபடாமல் இருந்தும் கைபேசியில் இணையம் நின்றுபோனால், வீட்டுக்குள் இருக்கும் வைஃபை அலையில் பிரச்சினை.

கடைசி வகையை உறுதிசெய்ய, மாலையில் விண்டோஸ் மடிக்கணினியை வைஃபையில் இணைத்து, உங்கள் ரவுட்டரின் முகவரியைப் போட்டு இந்தக் கட்டளையை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

இணையத்தையே தொடாமல் ரவுட்டரை மட்டும் தட்டிப் பார்க்கும் கட்டளை இது. `Request timed out` என்று வரிகள் வரும்போது ரவுட்டர் அணையாமலும் இருந்தால், மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் தகராறு.

இரண்டாம் படி: வெப்பம்

எங்கள் ரவுட்டர் தொலைக்காட்சி அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. மாலையில் தொலைக்காட்சி ஓடத் தொடங்கியதும் செட்டாப் பாக்ஸின் சூடு முழுவதும் மேலே ஏறும். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை, சுற்றியுள்ள காற்று 40 டிகிரி செல்சியஸ் வரை என்பதுதான். சென்னையில் மே மாதம் மூடிய அலமாரிக்குள் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நன்றாக வேலை செய்யும் ரவுட்டரும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு: கதவைத் திறந்து வைத்து, இரண்டு மாலை மேசை விசிறியை அதன்மேல் ஓடவிடுங்கள். அணைவது நின்றுவிட்டால் காரணம் வெப்பம். அப்புறம் ரவுட்டரை வெளியே எடுத்துச் சுவரில் மாட்டிவிடலாம். நான் அதைத்தான் செய்தேன். அதன்மேல் போட்டிருந்த பூ வேலைப்பாட்டுத் துணியை எடுப்பதற்குத்தான் அம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

விசிறி ஓடியும் அணைந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பழைய அடாப்டர்கள் சுமை கூடும்போது மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் தடுமாறும். வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் மாலை நேரத்தில்தான் அது வெளிப்படும். மாற்றும்போது பின் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. 9 வோல்ட் அடாப்டருக்கும் 12 வோல்ட் அடாப்டருக்கும் ஒரே பின் இருக்கும். வோல்ட் அளவு ரவுட்டரில் அச்சிட்டபடியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம்.

மூன்றாம் படி: சேனல் நெரிசல்

அலமாரியிலிருந்து வெளியே வந்தபின் ரவுட்டர் அணைவது நின்றது. ஆனால் வியாழக்கிழமை 8.10-க்கு மறுபடியும் கூட்டத்தில் குரல் தொலைந்தது. ஓட்ட நேரங்கள் இரண்டும் மூன்று நாளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தன, `ping` மட்டும் தொடர்ந்து தவறியது. அப்படியானால் அலைதான்.

இதில் நான் இரண்டு தவறு செய்தேன். முதலாவது, எந்தச் சேனலில், அதாவது எந்த அலைவரிசைத் துண்டில், எத்தனை வைஃபைகள் இருக்கின்றன என்று காலை பத்து மணிக்கு அலசிப் பார்த்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள், அலைவெளி அமைதியாக இருந்தது. தொல்லை வரும் நேரத்தில்தான் அலச வேண்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் `WiFi Analyzer` என்ற திறமூலச் செயலி எனக்குப் போதுமானதாக இருக்கிறது. விளம்பரமும் வண்ண வண்ண மதிப்பெண்களும் காட்டி, ‘வேகப்படுத்து’ என்று பொத்தான் வைத்திருக்கும் செயலிகளை நான் தொடுவதில்லை. விண்டோஸில் செயலியே தேவையில்லை:

```
netsh wlan show networks mode=bssid
```

மாலை 8.15-க்கு எங்கள் கூடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பதினேழு வைஃபைகள் தெரிந்தன. சேனல் 1-இல் ஆறு, 6-இல் எட்டு, 11-இல் மூன்று. எங்களுடையது 6-இல் இருந்தது. `Auto` என்று விட்டிருந்தேன். பல ரவுட்டர்கள் எழும்போது ஒருமுறை சேனலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அடுத்து அணையும்வரை அதிலேயே கிடக்கும். எழுந்த நேரம் அமைதியான காலையாக இருந்தால், மாலை நெரிசலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது தவறு இங்கே. சேனல் 3 முழுக்கக் காலியாக இருந்தது. யாரும் இல்லாத இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அங்கே மாற்றினேன். முன்பைவிட மோசமானது.

காரணம் இது: சேனல் எண்கள் ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒரு வைஃபை அலை ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 3-இல் நின்றால் 1-இல் இருப்பவர்களின் அலையும் 6-இல் இருப்பவர்களின் அலையும் என்மேல் பாதி பாதியாக விழும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டு, முடியும்வரை காத்திருந்து பேசும். வேகம் குறையும், ஆனாலும் முறை உண்டு. பாதி ஒட்டிய சேனலில் அந்தப் பேச்சு புரியாத வெறும் இரைச்சலாகவே வந்து விழும். ஆகவே 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தாலும் பரவாயில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வலிமையையும் பாருங்கள். செயலியில் `dBm` அளவு மைனஸில் வரும், பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம். சேனல் 6-இல் எதிர்வீட்டு ரவுட்டர் -48 என்று உறுமிக்கொண்டிருந்தது. 11-இல் இருந்த மூன்றில் வலிமையானதே -79 தான். எனவே 11 என்று கையால் நிலைநிறுத்தினேன். கூடவே `Channel Width` என்பதை 40-இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். அடுக்ககத்தில் 2.4-இல் 40 வைப்பது, பஸ்ஸில் இரண்டு இருக்கையில் காலை நீட்டி உட்காருவதைப் போன்றது. ரவுட்டருக்கு அருகிலிருக்கும் தொலைக்காட்சியையும் என் மடிக்கணினியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அங்கே சேனல்கள் அதிகம், சுவரைத் தாண்டி அலை எளிதில் வராது என்பதால் பக்கத்து வீட்டுத் தொல்லையும் குறைவு. அதே காரணத்தால் எங்கள் பின் அறைக்கும் அது சரியாக எட்டுவதில்லை, அங்கே 2.4 தான்.

நான்காம் படி: ஃபர்ம்வேர்

ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் இந்த மென்பொருளைப் புதுப்பிப்பதைத்தான் பலரும் முதலில் செய்யச் சொல்கிறார்கள். நான் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் கெட்டால் ரவுட்டரே போய்விடும். ஃபர்ம்வேரைச் சந்தேகிக்க ஓர் அடையாளம் உண்டு: விளக்குகள் எரிகின்றன, ஆனால் கம்பியில் இணைத்தாலும் அமைப்புப் பக்கம் திறக்கவில்லை, அணைத்துப் போட்டால்தான் உயிர் வருகிறது. என் ரவுட்டரில் அது இல்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுப் பழைய பதிப்பு என்பதால் புதுப்பித்தேன்.

சேவை நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி என்றால் நீங்களாக எதையும் ஏற்றாதீர்கள், அவர்கள் தொலைவிலிருந்தே புதுப்பிப்பார்கள். சொந்த ரவுட்டர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணோடு `V3`, `V4` போன்ற வன்பொருள் பதிப்பையும் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் V3-இன் கோப்பு V4-க்கு ஆகாது. `PPPoE` பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சில புதுப்பிப்புகள் அமைப்புகளை அழித்துவிடும். வைஃபை வழியாக ஏற்றாமல் கம்பியால் இணைத்து ஏற்றுங்கள். ஏறி முடிந்து ரவுட்டர் தானாக எழும்வரை மின்சாரம் போகக் கூடாது, இன்வெர்ட்டர் இருந்தால் அதில் போடுங்கள்.

பின்சேர்க்கை: விண்டோஸ் 11-இல் `netsh` கட்டளை வேலை செய்யவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருப்பிட அனுமதியை இயக்கினால் வரும். ஆண்ட்ராய்டு செயலியில் பட்டியல் காலியாக இருந்தாலும் இதே காரணம்தான். இன்னொருவர் நெரிசலே இல்லை என்று சேனல் 13-ஐ வைத்திருந்தார். அமெரிக்காவில் வாங்கிய அவருடைய மடிக்கணினியில் வீட்டு வைஃபையின் பெயரே தெரியாமல் போனது. அங்கே விற்கும் கருவிகள் பலவும் 12, 13 சேனல்களைத் தேடுவதில்லை. 11-க்கு மாற்றியதும் பெயர் திரும்ப வந்துவிட்டதாம்.