காந்தம் போட்டும் அலமாரிக் கதவு நிற்கவில்லையா?

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பலாமர அலமாரியின் கதவு சாத்தியதும் மெல்லத் திறந்துகொண்டே வரும். கடையில் மேக்னட் கேட்ச் வாங்கி மாட்டினேன். இரண்டே நாளில் மறுபடி திறந்துகொண்டது. காந்தம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரியதாக வாங்கினேன், அதுதான் முதல் தவறு.

கதவு தானாகத் திறந்தால் அலமாரி முன்பக்கம் சாய்ந்திருக்கலாம். பழைய வீட்டுத் தரை பெரும்பாலும் மட்டமாக இருக்காது. முன்கால்கள் இரண்டின் அடியிலும் மெல்லிய மரத்துண்டு வைத்துச் சற்றே பின்னால் சாயும்படி செய்தேன், கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஆனால் சுவரோடு நிற்கும் உயரமான அலமாரியில் அளவு மிஞ்ச வேண்டாம், 3 மி.மீ. போதும். அடுத்து கீலைப் பாருங்கள். (புனலூர்ப் பக்கம் வாங்கப் போனால் விஜாகிரி என்று கேளுங்கள்.) கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேலே தூக்கிப் பார்க்கும்போது ஆடினால் கீலின் ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று அர்த்தம். துளையில் மூங்கில் சீவலை மரப்பசையோடு அடித்து, மறுநாள் ஸ்க்ரூவைத் திரும்ப இறுக்கலாம்.

இதற்குப் பிறகும் கேட்ச் தேவை என்றால், தகட்டில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். காந்தமும் இரும்புத் தகடும் முழுதாக ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு அட்டை கனம் இடைவெளி விழுந்தாலே பிடிப்பு பெருமளவு குறைந்துவிடும். தகட்டைக் கதவோடு இறுக்கிவிட்டால், கதவு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் ஓரம் மட்டுமே தொடும். அதனால் தகட்டின் ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தி விடுங்கள், தகடு தானே அசைந்து பொருந்திக்கொள்ளும். இடம் குறிக்க ஒரு வழி சொல்கிறேன். தகட்டைக் காந்தத்தில் ஒட்டவைத்து, அதன் முதுகில் ஈரக் குங்குமம் தடவிக் கதவைச் சாத்துங்கள். கதவில் பதியும் இடமே தகட்டின் இடம். காந்தப் பெட்டியின் ஸ்க்ரூக்களை நீள்துளைகளின் நடுவில் போடுங்கள், அப்போதுதான் பிறகு முன்னும் பின்னும் நகர்த்த முடியும்.

ரோலர் கேட்ச் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் நாக்கு இரண்டு உருளைகளுக்கும் நேர் நடுவே நுழைய வேண்டும். ஜூன் மாதச் சாரலில் பலகை உப்பிக் கதவு நகர்ந்தால், நாக்கு உருளையில் முட்டி நிற்கும். கோடையில் அளவெடுத்து மாட்டியவர்களுக்கு இது வரும். எங்கள் ஊர்ப்பக்கம் மழைக்காலத்தில் பொருத்தி, வெயிலில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

புஷ் கேட்ச்சைப் பழைய அலமாரிக்கு நான் சொல்லவே மாட்டேன். அழுத்தினால் திறக்க, சாத்திய நிலையிலிருந்து கதவு இன்னும் 2, 3 மி.மீ. உள்ளே போக வேண்டும். சட்டத்தில் முட்டி நிற்கும் பழைய கதவுக்கு அந்த இடமே கிடையாது.