வரவேற்பு விருந்துக்கு முன்மொழிவு எழுதும்போது இலைக் கணக்கில் எழுதுங்கள்

சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள் பெண் வீட்டாருக்குத் திருமண வரவேற்பு விருந்துக்கான முன்மொழிவை எழுதும்போது, விலையை அழைப்பிதழின் எண்ணிக்கைக்கோ ஆள் கணக்குக்கோ கட்டாமல், பந்தியில் விரிக்கப்படும் இலைக்குக் கட்டி, கடைசித் தவணையை அந்த இலைக் கணக்கோடு இணைத்து எழுதுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் ஒரு பந்திக்கு 200 பேர் அமரலாம், 600 இலை உறுதி, இலைக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,50,000 ரூபாயில், பதிவின்போது 37,500, விருந்துக்கு ஒரு வாரம் முன் காய்கறிக்குச் சொல்லிவைக்கும்போது 75,000, மீதி 37,500 விருந்து முடிந்ததும் என்று பிரிக்கலாம். அன்று 640 இலை விழுந்தால், கடைசித் தவணையோடு 10,000 ரூபாய் மட்டுமே கூடும். 600க்குக் குறைந்தாலும் உறுதித் தொகை மாறாது என்பதையும் அதே வரியில் எழுதிவிட வேண்டும்.

தகராறு பெரும்பாலும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதில்தான் வருகிறது. கட்டுக்கட்டாக வந்த இலையில் மிஞ்சியதையும் கிழிந்ததையும் கழித்து, ஒவ்வொரு பந்தி முடிந்ததும் இரு தரப்பும் கையெழுத்திட்டால், அந்தக் கேள்விக்கே இடமில்லை. உணவுப் பட்டியலில் வெறுமனே ‘பாயசம்’ என்று எழுதாமல், அடைப்பிரதமனா, பால் பாயசமும் போளியுமா, மறு பரிமாறல் உண்டா என்று குறிப்பிடுவது நல்லது, ஏனெனில் இலையின் விலை அதைப் பொறுத்தே மாறும்.

இலை போடாத பஃபே விருந்துக்கும், மொத்தத் தொகைக்குப் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கும் இம்முறை பொருந்தாது.